மீண்டும் ஒருமுறை செய்: ஹெரான் விட்டுச்சென்ற 720

முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தெரிந்தால் பரப்பளவைக் காணும் ஹெரான் சூத்திரத்தைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அலெக்சாந்திரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரான், ‘மெட்ரிகா’ என்ற தன் நூலில் அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் 7, 8, 9 பக்கங்கள் கொண்ட முக்கோணம். சுற்றளவில் பாதி 12. அதிலிருந்து பக்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்தால் 5, 4, 3. நான்கையும் பெருக்கினால் 720. பரப்பளவு வேண்டுமென்றால் 720-இன் வர்க்கமூலம் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். 26-இன் வர்க்கம் 676. 27-இன் வர்க்கம் 729. நடுவே கிடக்கும் 720-க்கு முழு எண் மூலம் கிடையாது. ஹெரான் செய்தது இதுதான்: 720-க்கு மிக அருகில் உள்ள வர்க்கம் 729, அதன் மூலம் 27. 720-ஐ 27-ஆல் வகுத்தால் 26 2/3. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 26 5/6. இதன் வர்க்கம் 720 1/36. வித்தியாசம் முப்பத்தாறில் ஒரு பங்குதான். அந்த வித்தியாசத்தையும் குறைக்க விரும்பினால், 729 இருந்த இடத்தில் 720 1/36-ஐ வைத்து இதையே மறுபடி செய்யலாம் என்றும் அவர் எழுதிவைத்தார்.

நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்த இந்த நூல் 1896-இல் கான்ஸ்டான்டினோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதியாகக் கிடைத்தது. முக்கோணச் சூத்திரத்தை விட, ‘மறுபடி செய்’ என்ற அந்த வாக்கியமே என்னை அதிகம் ஈர்க்கிறது. மறுபடி, மறுபடி என்று செய்துகொண்டே போனால் அந்த எண்கள் ஓர் இடத்தில் போய்ச் சேருமா? சேர்ந்தால், அந்த இடத்து எண்ணின் வர்க்கம் சரியாக 720-தானா? கேட்க ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள்.

ஹெரானின் கணக்கில் உள்ள யோசனை எளிது. 27 தேவைக்கு மேல் என்றால் 720/27 தேவைக்குக் கீழ்; இரண்டையும் பெருக்கினால் சரியாக 720 வருமல்லவா? உண்மையான மூலம் இரண்டுக்கும் இடையில் இருக்கிறது, அதனால் நடுவில் போய் நிற்கிறோம். இதே எண் இன்னொரு வழியிலும் வருகிறது. y = x² − 720 என்ற பரவளைவை வரைந்துகொள்ளுங்கள். அது கிடைக்கோட்டை வெட்டும் இடம்தான் நாம் தேடும் மூலம். x = 27 என்ற இடத்தில் வளைவு 9 அலகு உயரத்தில் இருக்கிறது. அந்தப் புள்ளியில் வளைவுக்கு ஒரு தொடுகோடு போடுவோம். இந்த வளைவில் எந்த இடத்திலும் தொடுகோட்டின் சாய்வு x-இன் இரு மடங்கு, இங்கே 54. அதாவது, இடப்பக்கம் ஓர் அலகு நகர்ந்தால் கோடு 54 அலகு இறங்கும். 9 அலகு இறங்க எவ்வளவு நகர வேண்டும்? 9/54, அதாவது 1/6. 27-இலிருந்து 1/6-ஐக் கழித்தால் 26 5/6. ஹெரானின் அதே விடை.

இது தற்செயல் இல்லை. வர்க்கமூலம் காண வேண்டிய எண்ணை a என்று வைத்துக்கொண்டால், தொடுகோடு சொல்லும் அடுத்த எண் x − (x² − a)/(2x). இதைப் பிரித்து எழுதினால் (x + a/x)/2 என்று ஆகிவிடும். கல்லூரிப் புத்தகங்களில் நியூட்டன்–ராப்சன் முறை என்ற பெயரில் வருவதன் மிக எளிய வடிவம் இது. ஹெரானிடம் தொடுகோடு பற்றிய பேச்சே இல்லை. ஆனால் கணக்கு ஒன்றே.

இனி அந்த 1/36 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மொத்த நிரூபணமும் அதற்குள்தான் இருக்கிறது. பக்கம் 27 உள்ள சதுரமான காகிதம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். பரப்பு 729, நமக்கு வேண்டியது 720, மிகை 9. வலப்பக்க ஓரத்தில் 1/6 அகலமுள்ள ஒரு பட்டையை வெட்டினால் போவது 27 × 1/6, அதாவது 4 1/2. மேல் ஓரத்திலும் அப்படி ஒரு பட்டை என்றால் இன்னொரு 4 1/2. கணக்குப்படி மிகை 9-உம் தீர்ந்தது. ஆனால் இரண்டு பட்டைகளும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அந்த மூலையை நாம் இரண்டு முறை கழித்துவிட்டோம். காகிதத்திலிருந்து உண்மையில் போனது ஒரு முறைதான். ஆகவே மீந்திருக்கும் சதுரம் 720-ஐ விட அந்த மூலையின் அளவுக்குப் பெரியது. மூலை 1/6-க்கு 1/6 உள்ள குட்டிச் சதுரம். அதன் பரப்புதான் 1/36.

எழுத்தில் சொன்னால், நகர்ந்த தூரத்தை h என்போம். (x − h)² = x² − 2xh + h². இதில் 2xh என்பது சரியாக x² − a ஆக இருக்கும்படிதான் h-ஐத் தேர்ந்தெடுத்தோம். எனவே எஞ்சுவது a + h². புதிய எண்ணின் வர்க்கம் இலக்கைத் தாண்டி நிற்கும் அளவு, நாம் கடைசியாக நகர்ந்த தூரத்தின் வர்க்கம். தோராயம் எதுவும் இல்லாத சமன்பாடு இது.

அடுத்த சுற்றைச் செய்து பார்ப்போம். 26 5/6 என்பது 161/6. மிகை 1/36. தொடுகோட்டின் சாய்வு 161/3. வகுத்தால் நகர வேண்டிய தூரம் 1/1932. புதிய எண் 51841/1932, தசமத்தில் 26.832815735. இதன் வர்க்கம் 720-ஐ விட எவ்வளவு அதிகம் என்று காணப் பெரிய பெருக்கல் எதுவும் வேண்டாம். 1/1932-இன் வர்க்கம்: 37,32,624-இல் ஒரு பங்கு. உண்மையான மூலம் ஏறக்குறைய 26.832815730. ஹெரான் சொன்னபடி ஒரே ஒரு முறை மறுபடி செய்ததில் தசமப் புள்ளிக்குப் பின் எட்டு இலக்கங்கள் சரியாகிவிட்டன. பள்ளியில் கற்ற நீள் வகுத்தல் முறை சுற்றுக்கு ஓர் இலக்கம்தான் தரும்.

வேகம் இருக்கட்டும். நம் கேள்வி, இது போய்ச் சேருமா என்பது. மேலே கண்ட சமன்பாட்டிலிருந்து முதலில் ஒன்று தெரிகிறது: h எந்தப் பக்கம் போனாலும் h² மிகை எண்தான். 27-க்குப் பதில் 26-இல் தொடங்கியிருந்தால் மதிப்பு 44 குறைவாக இருந்திருக்கும்; தொடுகோடு வலப்பக்கம் 11/13 தூரம் தள்ளி, 26 11/13-இல் நிறுத்தும். அதன் வர்க்கம் 720-ஐ விட 121/169 அதிகம். தொடக்கம் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும், முதல் சுற்றுக்குப் பின் எல்லா எண்களும் மேலேதான். பரவளைவு எப்போதும் தன் தொடுகோட்டுக்கு மேலேயே இருக்கிறது என்பதைத்தான் இது வேறு விதத்தில் சொல்கிறது.

இலக்கைச் சரியாகத் தொடுவதும் நடக்காது. h பூஜ்யமானால்தானே மிகை பூஜ்யமாகும்? மூலத்திலேயே நின்று தொடங்கினால் ஒழிய அது நேராது. முழு எண் மூலம் உள்ள 9-க்கும் இதே கதிதான். 4-இல் தொடங்கினால் 3.125, பிறகு 3.0025, 3-ஐ நோக்கி நெருங்கிக்கொண்டே போகும், ஒருபோதும் 3 ஆகாது.

எல்லா எண்களும் மேலே இருப்பதால், ஒவ்வொன்றிலும் x² − a மிகையாகவே இருக்கும். ஆகவே தொடுகோடு எப்போதும் இடப்பக்கமே தள்ளும். வரிசை இறங்கிக்கொண்டே போகிறது. அதே சமயம் 26-க்குக் கீழே போக முடியாது, 26-இன் வர்க்கம் 720-க்குக் குறைவு என்பதால். 26.8-க்குக் கீழும் போக முடியாது. அதன் வர்க்கம் 718.24. ஏறாமல் இறங்கிக்கொண்டே இருக்கும் வரிசை. தாண்ட முடியாத ஒரு தரை. அப்படியானால் எண்கள் எங்காவது ஓரிடத்தில் நெருங்கிக் குவிந்தே தீர வேண்டும். அந்த இடத்தை எல்லை என்கிறோம்.

‘குவிந்தே தீர வேண்டும்’ என்று சொல்வது மனத்துக்கு எவ்வளவு இயல்பாகப் படுகிறதோ அவ்வளவு ஆழமான கூற்று அது. இதில் தடுமாறி நின்றவர் சாதாரண ஆள் இல்லை. 1858-இன் இலையுதிர்காலத்தில் ரிச்சர்ட் டெடெகிண்ட் சூரிச் நகரின் பாலிடெக்னிக்கில் வகைநுண்கணிதத்தின் அடிப்படைகளை நடத்த வேண்டியிருந்தது. தொடர்ந்து வளரும், ஆனால் ஒரு வரம்பைத் தாண்டாத அளவு ஓர் எல்லையை அடைந்தே ஆகும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல, படம் வரைந்து காட்டுவதைத் தவிர அவருக்கு வழி தெரியவில்லை. எண்களை மட்டும் வைத்து இதற்கு நிரூபணம் இல்லை என்பது அவரை உறுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று விடை கண்டதாகவும், அதை 1872-இல்தான் நூலாக வெளியிட்டதாகவும் அவரே அந்த நூலின் முன்னுரையில் பதிவுசெய்திருக்கிறார்.

அவரை உறுத்தியது என்ன என்பதை நம் வரிசையே காட்டும். 27, 161/6, 51841/1932 என்று நாம் பெற்றவை எல்லாமே பின்னங்கள். பின்னத்தை இரண்டால் வகுத்தாலும் இன்னொரு பின்னத்தோடு கூட்டினாலும் பின்னமே வரும்; ஆயிரம் சுற்று போனாலும் அப்படித்தான். ஆனால் 720-இன் மூலம் என்பது 5-இன் மூலத்தைப் போல் 12 மடங்கு. 5-இன் மூலம் எந்தப் பின்னத்துக்கும் சமமாகாது. ஆகவே பின்னங்கள் மட்டுமே எண்கள் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால், அவருக்கு இந்த வரிசை இறங்கி இறங்கி ஒரு வெற்றிடத்தின் விளிம்பில் போய் நிற்கும். தரை உண்டு, இறக்கம் உண்டு, சேருமிடம் மட்டும் இல்லை.

டெடெகிண்ட் அந்த வெற்றிடத்தையே எண்ணாக்கினார். எல்லாப் பின்னங்களையும் இரு கூட்டமாகப் பிரியுங்கள்: வர்க்கம் 720-ஐத் தாண்டும் மிகைப் பின்னங்கள் மேல் கூட்டம்; மற்றவை எல்லாம் கீழ்க் கூட்டம். கீழ்க் கூட்டத்தில் மிகப் பெரியது என்று ஒன்றும் இல்லை, மேல் கூட்டத்தில் மிகச் சிறியது என்று ஒன்றும் இல்லை. இப்படி ஒரு வெட்டு விழும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் எண் உண்டு என்று வைத்தால் கிடைப்பவையே மெய்யெண்கள். அவற்றில் வெற்றிடம் இல்லாததால், தரையுள்ள இறங்கு வரிசைக்கு எப்போதும் ஓர் எல்லை உண்டு. முதல் கேள்விக்கு விடை இதுதான்: சேரும்.

இரண்டாம் கேள்வி, சேருமிடத்தின் வர்க்கம் என்ன என்பது. எல்லையை L என்போம். வரிசையில் உள்ள ஒவ்வோர் எண்ணின் வர்க்கமும் a-ஐத் தாண்டியே இருப்பதால் L-இன் வர்க்கமும் a-க்குக் குறையாது. முக்கியமாக, L பூஜ்யம் இல்லை, அதனால் வகுக்கலாம். அடுத்த எண் = (இந்த எண் + a/இந்த எண்)/2. சுற்றுகள் கூடக் கூட, இந்த எண்ணும் L-ஐ நெருங்குகிறது, அடுத்த எண்ணும் அதே L-ஐ நெருங்குகிறது. ஆகவே L = (L + a/L)/2. இரு பக்கமும் இரட்டித்தால் 2L = L + a/L; அதாவது L = a/L; அதாவது L² = a.

நான்கே வரி. பல பாடநூல்கள் இந்த நான்கு வரியோடு நின்றுவிடுவதையும், எல்லை இருக்கிறது என்று காட்டும் பகுதியைப் போகிற போக்கில் சொல்லிவிடுவதையும் பார்க்கிறேன். அது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. காரணம் சொல்கிறேன். சூத்திரத்தில் சராசரி எடுக்கும் வேலையை விட்டுவிட்டு, அடுத்த எண் = a/இந்த எண் என்று மட்டும் வைத்துப் பாருங்கள். எல்லை L என்று எடுத்துக்கொண்டு அதே இயற்கணிதத்தைச் செய்தால் L = a/L, ஆகவே L² = a என்று அதே முடிவு அழகாக வந்துவிடும். ஆனால் 27-இல் தொடங்கினால் உண்மையில் வருவது என்ன? 27, 26 2/3, 27, 26 2/3, 27... இப்படியே முடிவில்லாமல் இரண்டு இடங்களுக்கு நடுவே தாவிக்கொண்டிருக்கும். எல்லையே இல்லாத வரிசைக்கு எல்லையின் வர்க்கத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்! அந்த நான்கு வரிகள் சொல்வது இவ்வளவுதான்: எல்லை என்று ஒன்று இருந்தால் அதன் வர்க்கம் a. ‘இருந்தால்’ என்பதை ‘இருக்கிறது’ என்று ஆக்குவது இறக்கமும் தரையும்தான்.

a-க்குக் குறை எண்ணை வைத்தால் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். −1-க்கு வர்க்கமூலம் காண, 2-இல் தொடங்கி அதே சூத்திரத்தை ஓட்டினால் 3/4, பிறகு −7/24, பிறகு 527/336. மேலும் கீழுமாக எண்கள் அலைகின்றன. இங்கே வளைவு கிடைக்கோட்டைத் தொடுவதே இல்லை, அதனால் தரை இல்லை, எல்லையும் இல்லை.

வர்க்கம் a-ஐ நோக்கித்தான் போகிறது என்பதை எண்ணாகவே பார்க்க விரும்புவோருக்கு இன்னொரு வழி உண்டு. மிகையை e என்போம். அது x² − a. நகரும் தூரம் h = e/(2x). அடுத்த மிகை அதன் வர்க்கம்: e²/(4x²). a மிகை எண் என்பதால் e எப்போதும் x²-ஐ விடச் சிறியது. ஆகவே அடுத்த மிகை e/4-ஐ விடச் சிறியது. எவ்வளவு மோசமான இடத்தில் தொடங்கினாலும், ஒவ்வொரு சுற்றிலும் மிகை கால் பங்குக்கும் கீழே போகிறது. கால், பதினாறில் ஒன்று, அறுபத்து நான்கில் ஒன்று என்று பூஜ்யத்தை நோக்கிப் போயே ஆக வேண்டும்.

இந்தக் கால் பங்கு வெறும் தாளில் உள்ள கணக்கு இல்லை, தூரத்தில் தொடங்கினால் கண்ணுக்கே தெரியும். 720-க்கு 1-இல் தொடங்குங்கள். முதல் சுற்றிலேயே 360.5-க்குத் தூக்கி எறியப்படுவோம். 1-இல் வளைவு அவ்வளவு படுக்கையாக இருப்பதால் தொடுகோடு நெடுந்தூரம் போய் விழுகிறது. பிறகு 181.25, 92.61, 50.19, 32.27. தூரத்தில் இருக்கும்போது a/x மிகச் சிறியது என்பதால் சராசரி எடுப்பது கிட்டத்தட்டப் பாதியாக்குவதுதான். எண் பாதியானால் வர்க்கம் கால் ஆகிறது. அதற்குப் பிறகு 27.29, 26.837, 26.83282 என்று பாய்கிறது. அருகில் வந்த பிறகு சரியான இலக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய இரட்டிக்கின்றன. தொடக்கத்தில் பூஜ்யத்தை வைத்தால் மட்டும் எதுவும் நடக்காது. அங்கே தொடுகோடு கிடைமட்டமாக இருக்கிறது, கீழ்க் கோட்டை வெட்டுவதே இல்லை.

கணினியில் முழு எண்களை மட்டும் வைத்து இதைச் செய்யும்போது ஒரு சங்கடம் எழும். அங்கே வகுத்தல் பின்னத்தை உதறிவிடுகிறது. உதறிய அந்தத் துண்டு, ‘எப்போதும் மேலேதான்’ என்ற உறுதியைக் கெடுத்துவிடும். 8-ஐ எடுங்கள். 3-இல் நின்றால் 8/3 என்பது 2, 3-உம் 2-உம் சேர்ந்து 5, பாதி 2. அடுத்து 2-இல் நின்றால் 8/2 என்பது 4, 2-உம் 4-உம் சேர்ந்து 6, பாதி 3. மறுபடி 2, மறுபடி 3. ‘அடுத்த எண்ணும் இந்த எண்ணும் ஒன்றானால் நிறுத்து’ என்று நிரலில் எழுதியிருந்தால் அது நிற்கவே நிற்காது.

இதற்கும் இறக்கமே வழி காட்டுகிறது. மேலே இருந்து தொடங்கினால், வர்க்கமூலத்தின் முழு எண் பகுதிக்குக் கீழே இந்த வரிசை போகாது. அந்த எண்ணை அடையும்வரை ஒவ்வொரு சுற்றிலும் கண்டிப்பாக இறங்கும். ஆகவே இறங்காத முதல் சுற்றில் நிறுத்தினால் போதும், கையில் இருக்கும் x தான் விடை:

```
x = a
y = (x + a // x) // 2
while y < x:
    x = y
    y = (x + a // x) // 2
```

8-க்கு இது 8, 4, 3, 2 என்று வந்து, அடுத்தது 3 என்று ஏறப் பார்க்கும்போது 2-இல் நிற்கிறது. ஹெரானின் 720-ஐக் கொடுத்தால் 720, 360, 181, 92, 49, 31, 27, 26. அடுத்ததும் 26 என்று வருவதால் இறக்கம் முடிந்தது; 26-இன் வர்க்கம் 720-க்குள் அடங்குகிறது, 27-இன் வர்க்கம் அடங்கவில்லை.